ஒரு பதிவு இரண்டு பக்கங்களில், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் இல்லை

வேலைகளைப் பட்டியலிடும் ஒரு திரை. மொத்தம் 50 வேலைகள் என்று மேலே எழுதியிருக்கிறது. பக்கத்துக்குப் பத்து வீதம் ஐந்து பக்கங்கள். முன்னுரிமைப்படி வரிசைப்படுத்திவிட்டு ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டுகிறார். அப்புறம் நமக்கு எழுதுகிறார்: "11-ஆம் எண் வேலையைக் காணோம். யாராவது அழித்துவிட்டார்களா?"

தேடல் பெட்டியில் 11 என்று தட்டினால் அது உடனே வந்து நிற்கிறது. டேட்டாபேஸில் பார்த்தால் பத்திரமாக இருக்கிறது. எண்ணிக்கையும் சரியாக 50. நாமும் புரட்டிப் பார்க்கிறோம். ஐந்து பக்கங்கள், பக்கத்துக்குப் பத்து, ஒன்றும் குறையவில்லை. கண்ணை நன்றாக ஓட்டினால்தான் தெரிகிறது, 1-ஆம் எண் வேலை முதல் பக்கத்திலும் இருக்கிறது, இரண்டாம் பக்கத்திலும் இருக்கிறது. 11 எங்குமே இல்லை.

பலரும் முதலில் பழி போடுவது கேஷ் மீது. அடுத்து திரையை வரையும் நிரல் மீது. உண்மையில் தவறு இருப்பது குவெரியின் ஒரே ஒரு வரியில், அதுவும் பார்ப்பதற்கு முற்றிலும் சரியாகத் தெரியும் வரியில்.

```sql
SELECT id FROM tasks ORDER BY priority LIMIT 10 OFFSET 10;
```

இந்த வரி நாம் நினைப்பதைச் சொல்லவில்லை. "வரிசைப்படுத்தி வைத்த பட்டியலில் பதினொன்றிலிருந்து இருபது வரை எடு" என்று நாம் இதைப் படிக்கிறோம். அப்படி வரிசைப்படுத்தி வைத்த பட்டியல் என்று ஒன்று எங்கும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் டேட்டாபேஸ் முதலிலிருந்து ஒரு புதிய பட்டியலை உண்டாக்கி, தேவையான பத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஐந்து பக்கம் புரட்டியவர் ஒரு பட்டியலின் ஐந்து துண்டுகளைப் பார்க்கவில்லை. ஐந்து வெவ்வேறு பட்டியல்களிலிருந்து தலா ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார். அந்த ஐந்து பட்டியல்களும் ஒரே மாதிரி இருந்தால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. `ORDER BY priority` என்பது தருகிற உறுதி ஒன்றே ஒன்றுதான்: முன்னுரிமை 1 உள்ளவை முன்னுரிமை 2 உள்ளவற்றுக்கு முன்னால் வரும். முன்னுரிமை 2 உள்ளவை நாற்பது இருந்தால், அந்த நாற்பதுக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்பதைப் பற்றி அந்த வரி வாயே திறக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் ஆவணம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சம மதிப்புள்ளவை எந்த வரிசையில் வரும் என்பது உள்ளே வேலை நடக்கும் விதத்தைப் பொறுத்தது. மைசீக்வல் ஆவணமும் அதையேதான் சொல்கிறது: சம மதிப்புள்ள பதிவுகளை எந்த வரிசையிலும் கொடுக்கும் சுதந்திரம் சர்வருக்கு உண்டு, குவெரியை ஓட்டும் திட்டம் மாறினால் அந்த வரிசையும் மாறலாம். ஆக, இதை டேட்டாபேஸின் பிழை என்று புகார் செய்தால் எடுபடாது. கேட்டதை அது சரியாகத்தான் கொடுத்திருக்கிறது.

ஐம்பது பதிவுகளை வைத்துப் பார்ப்போம்

"எந்த வரிசையிலும் வரலாம்" என்றவுடன் ஏதோ குலுக்கல் நடப்பதாக மனதில் படம் விழுகிறது. குலுக்கல் எதுவும் இல்லை. எல்லாமே கணக்காக நடக்கிறது. அந்தக் கணக்கை ஒரு முறை கிட்டே போய்ப் பார்த்துவிட்டால் இந்தக் கோளாறு பிறகு மறக்காது. போஸ்ட்கிரெஸ் கையில் இருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

```sql
CREATE TABLE tasks (id int PRIMARY KEY, priority int);
INSERT INTO tasks
  SELECT n, 2 FROM generate_series(1, 50) AS n;

SELECT id FROM tasks ORDER BY priority LIMIT 10 OFFSET 0;
SELECT id FROM tasks ORDER BY priority LIMIT 10 OFFSET 10;
```

ஐம்பது வேலைகளுக்கும் முன்னுரிமை 2. அதாவது எல்லாமே சமம். டேபிளுக்குள் 1, 2, 3 என்று வரிசையாகவே உட்கார்ந்திருக்கின்றன. முதல் குவெரிக்கு 1 முதல் 10 வரை அப்படியே வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வருவது இப்படி: 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 1. இரண்டாவது குவெரிக்கு 12, 13, 14 என்று தொடங்கி 20 வரை போய், கடைசியில் மறுபடியும் 1. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தால் 1 இரண்டு தரம் இருக்கிறது, 11 இல்லை. மூன்றாம் பக்கத்திலிருந்து 21, 22 என்று ஒழுங்காகப் போய்விடுகிறது. 11 கடைசி வரை வருவதே இல்லை.

ஏன் என்று பார்ப்போம். முதல் பத்து மட்டும் போதும் என்று `LIMIT` சொல்லும்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவது வீண் வேலை. அதனால் போஸ்ட்கிரெஸ் பத்து இடம் கொண்ட ஒரு ஹீப்பை வைத்துக்கொள்கிறது. ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருப்பவற்றில் வரிசையில் கடைசியாக வர வேண்டியது எதுவோ அது பெட்டியின் வாசலில் நிற்கும். புதிதாக வரும் பதிவு வாசலில் நிற்பதைவிட முன்னால் வர வேண்டியதாக இருந்தால், வாசலில் நிற்பதை வெளியேற்றிவிட்டு உள்ளே போகும். சமமாக இருந்தால் உள்ளே இடம் கிடையாது, அப்படியே கழிக்கப்படும். நம் உதாரணத்தில் எல்லாமே சமம் என்பதால் முதலில் வந்த 1 முதல் 10 வரை பெட்டியில் தங்கிவிடுகின்றன. 11 முதல் 50 வரை வாசலிலேயே திரும்பிப் போகின்றன.

இதுவரை சிக்கல் இல்லை. பெட்டியைக் காலி செய்யும்போதுதான் வரிசை மாறுகிறது. வாசலில் நிற்பதே கடைசி என்பதால் அதை முதலில் எடுத்துக் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். வாசலில் நிற்பது யார்? முதலில் நுழைந்த 1. அதனால் 1 பத்தாம் இடத்துக்குப் போகிறது. பிறகு பெட்டியின் கடைசியில் இருந்த 10 வாசலுக்கு வருகிறது. எல்லாம் சமம் என்பதால் அதை நகர்த்தக் காரணம் இல்லை, அது ஒன்பதாம் இடத்துக்குப் போகிறது. அடுத்து 9, அது எட்டாம் இடத்துக்கு. இப்படியே போனால் முதல் இடத்தில் 2 வந்து நிற்கும். 2, 3, 4 என்று போய் கடைசியில் 1 வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது இரண்டாம் பக்கம். பதினொன்று முதல் இருபது வரை வேண்டும் என்றால் முதல் இருபதையும் கண்டுபிடித்தாக வேண்டும், முதல் பத்தை அதன்பின் வீசிவிடலாம். ஆகவே இந்த முறை பெட்டிக்கு இருபது இடம். அதே கதைதான் நடக்கிறது. முதலில் நுழைந்த 1 கடைசி இடத்துக்கு, அதாவது இருபதாம் இடத்துக்குப் போகிறது. மற்றவை 2, 3, 4 என்று முதல் இடத்திலிருந்து அடுக்கிக்கொள்கின்றன. இந்த அடுக்கில் 11-க்குக் கிடைத்தது பத்தாம் இடம். பத்தாம் இடம் முதல் பக்கத்தைச் சேர்ந்தது, அதனால் இந்தக் குவெரி அதை வீசிவிடுகிறது. முதல் பக்கத்தைக் கொடுத்த குவெரியோ 11-ஐ வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு குவெரியும் அதை மற்றதன் கணக்கில் தள்ளிவிட்டன.

பெட்டியின் அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது என்பதுதான் இதன் மையம். பெட்டி எவ்வளவு பெரிதோ அதன் கடைசி இடம் 1-க்கு. பத்து இடப் பெட்டியில் அது முதல் பக்கத்தின் கடைசி, இருபது இடப் பெட்டியில் இரண்டாம் பக்கத்தின் கடைசி. டேபிளில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, யாரும் எதையும் சேர்க்கவில்லை, அழிக்கவில்லை. இருந்தும் பட்டியல் மாறிவிட்டது.

மூன்றாம் பக்கம் ஏன் ஒழுங்காக வந்தது? தேவையான இடங்கள் மொத்தப் பதிவுகளில் பாதியைத் தொட்டுவிட்டால் பெட்டி வைப்பதில் லாபம் இல்லை. பதிவுகளின் எண்ணிக்கை பெட்டி அளவின் இரண்டு மடங்கைத் தாண்டினால் மட்டுமே (நினைவகம் போதாமல் போகும் நிலையை விட்டுவிட்டால்) போஸ்ட்கிரெஸ் ஹீப்புக்கு மாறுகிறது. மூன்றாம் பக்கத்துக்கு முப்பது இடம் வேண்டும், அதன் இரண்டு மடங்கு அறுபது, இருப்பதோ ஐம்பது. அதனால் அங்கே முழு வரிசைப்படுத்தல் நடக்கிறது. `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். முதல் இரண்டு பக்கங்களில் `Sort Method: top-N heapsort` என்றும், மூன்றாவதிலிருந்து `Sort Method: quicksort` என்றும் இருக்கும். ஒரே பட்டியலின் நடுவில், பயனர் "அடுத்த பக்கம்" அழுத்தும் நேரத்தில், வரிசைப்படுத்தும் முறையே மாறிவிடுகிறது.

சிலர் இங்கே ஒரு யோசனை சொல்வார்கள்: சம மதிப்புள்ளவற்றின் வரிசையைக் கலைக்காமல் வைத்திருக்கும் நிலையான வரிசைப்படுத்தல் முறைகள் இருக்கின்றனவே, அதைப் பயன்படுத்தினால் போதாதா? போதாது. அந்த முறைகள் காப்பாற்றுவது உள்ளே வந்த வரிசையைத்தான். உள்ளே வரும் வரிசையே இன்று ஒன்றாகவும் நாளை ஒன்றாகவும் இருந்தால் அதைக் காப்பாற்றி என்ன பயன்?

உள்ளே வரும் வரிசை மாறுவது எளிது. போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினால் பழையது அதே இடத்தில் மாறுவதில்லை. புதிய வடிவம் ஒன்று டேபிளில் வேறு இடத்தில் எழுதப்படுகிறது. வரிசைப்படுத்தும் நெடுவரிசையைத் திருத்த வேண்டும் என்றுகூட இல்லை. "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டினாலே போதும், அந்தப் பதிவு இடம் மாறிவிடும். முதல் பக்கத்தில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி இரண்டாம் பக்கம் போகிறவர், திறந்து பார்த்த செயலாலேயே இரண்டாம் பக்கத்தை மாற்றிவிட்டிருப்பார். பெரிய டேபிள் என்றால் பல வேலையாட்கள் பங்கு பிரித்து இணையாகப் படிப்பார்கள், யார் முதலில் முடிப்பார் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. முதல் சில பக்கங்களை இண்டெக்ஸ் வழியாகப் படித்துவிட்டு, ஆழமான பக்கங்களுக்கு முழு டேபிளையும் படித்து வரிசைப்படுத்துவதே மலிவு என்று குவெரித் திட்டம் மாறுவதும் உண்டு.

வேலை செய்வதுபோல் தெரியும் காலம்

இது சோதனையில் சிக்காமல் நழுவுவதற்குக் காரணம் இருக்கிறது. சோதனைக்கு நாம் எட்டுப் பத்துப் பதிவுகளை உள்ளிடுகிறோம், பெரும்பாலும் வெவ்வேறு மதிப்புகளோடு. சமமே இல்லாத இடத்தில் இந்தக் கோளாறும் இல்லை. ஒரே பக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டால் சமம் இருந்தாலும் பாதிப்பில்லை, வரிசை மாறுமே தவிர எதுவும் விடுபடாது. சம மதிப்புள்ள ஒரு கூட்டம் பக்க எல்லையைத் தாண்டிப் பரவும்போதுதான் கோளாறு வெளியே வரும்.

மைசீக்வலின் இன்னோடிபி இன்னும் நன்றாக ஏமாற்றும். அதில் ஒவ்வொரு துணை இண்டெக்ஸும் தன் வாலில் முதன்மைச் சாவியைச் சுமந்துகொண்டிருக்கிறது. `priority` மீது இண்டெக்ஸ் போட்டிருந்தால், உண்மையில் அது `priority`, `id` என்ற இரண்டின் வரிசையிலும் இருக்கும். குவெரி அந்த இண்டெக்ஸ் வழியாகப் போகும்வரை பக்கங்கள் மிக அழகாகப் பொருந்தும். நாம் கேட்காமலேயே கிடைத்த ஒழுங்கு அது. என்றாவது ஒருநாள் கூடுதலாக ஒரு வடிகட்டி சேர்க்கிறோம், சர்வர் வேறு இண்டெக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பிறகு வரிசைப்படுத்துகிறது, ஒழுங்கு போய்விடுகிறது. "நேற்றுவரை சரியாக இருந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். `created_at` போன்ற நேர நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்துகிறவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை வராது என்று நம்புகிறார்கள், இரண்டு பதிவுகள் ஒரே நொடித்துளியில் பிறக்குமா என்ன என்று. தாராளமாகப் பிறக்கும். போஸ்ட்கிரெஸில் `now()` தருவது பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தை. ஒரே பரிவர்த்தனையில் 5000 பதிவுகளை உள்ளே தள்ளினால் 5000-க்கும் மைக்ரோ நொடி மாறாமல் ஒரே நேரம்தான். மைசீக்வலில் `DATETIME` என்று மட்டும் எழுதினால் நொடிக்குக் கீழே எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. ஒரு கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றிய தரவு எல்லாமே சம மதிப்புகளின் பெரிய கூட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

திரையில் புரட்டுகிறவருக்கு ஒன்று விடுபட்டால் அது எரிச்சல். இதே குவெரியை ஏபிஐ வழியாகப் பக்கம் பக்கமாக இழுத்து வேறொரு இடத்தில் சேமிக்கும் நிரல் இருந்தால்தான் நான் உண்மையில் பயப்படுவேன். அது எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கும், மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடும், சரியாக இருக்கும், வெற்றி என்று பதிந்துவிட்டுப் போய்விடும். மாறாத தரவில் இந்தக் கோளாறு எத்தனை பதிவுகளை விழுங்குகிறதோ, மிகச் சரியாக அத்தனையை மறுபடி காட்டி எண்ணிக்கையைச் சமன் செய்துவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்தச் சரிபார்ப்பும் இதைப் பிடிக்காது.

கண்டுபிடிக்க வழியும் இதே கணக்கில்தான் இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் வந்த அடையாள எண்களைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றை நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

```python
ids = []
for offset in range(0, total, 10):
    ids += fetch_ids(limit=10, offset=offset)

print(len(ids), len(set(ids)))
```

நம் உதாரணத்தில் `50 49` என்று வரும். இதே அறிகுறியைத் தரும் வேறொரு கோளாறும் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் முதல் பக்கத்தில் இருக்கும்போது பட்டியலின் தலையில் புதிதாக ஒன்று சேர்ந்தால், எல்லாம் ஒரு இடம் கீழே நகர்ந்து, முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடி வரும். அதேபோல் ஒன்று அழிக்கப்பட்டால் ஒன்று விடுபடும். அது தரவு நகர்வதால் வருவது, நாம் பேசுவது தரவு நகராமலே வருவது. இரண்டையும் பிரித்தறிய, யாரும் எழுதாத ஒரு நகலில் மேலே சொன்ன சோதனையை ஓட்டினால் போதும். அங்கேயும் இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் குற்றவாளி சம மதிப்புதான்.

`id` சேர்ப்பது

திருத்தம் சிறியது.

```sql
SELECT id FROM tasks ORDER BY priority, id LIMIT 10 OFFSET 10;
```

முன்னுரிமை சமமானால் `id`-ஐப் பார். `id` ஒருபோதும் சமமாகாது. இனி எந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் யார் முன்னால் என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. ஹீப் வைத்தாலும் சரி, முழுதாக வரிசைப்படுத்தினாலும் சரி, இண்டெக்ஸ் வழியாக வந்தாலும் சரி, ஒரே பட்டியல்தான் கிடைக்கும். மறுபடி ஓட்டினால் `50 50`.

இதில் கவனிக்க வேண்டியது, கடைசியில் சேர்க்கும் நெடுவரிசை டேபிளில் தனித்துவமாக இருந்தால் மட்டும் போதாது, குவெரியின் விடையில் தனித்துவமாக இருக்க வேண்டும். வேலைகள் டேபிளை அவற்றின் குறிச்சொற்கள் டேபிளோடு இணைத்தால், மூன்று குறிச்சொல் உள்ள வேலை மூன்று வரிகளாக வரும், மூன்றிலும் ஒரே `id`. அந்த மூன்றுக்குள் மறுபடியும் சமம். அங்கே குறிச்சொல்லின் `id`-யையும் சேர்த்தாக வேண்டும். பெயரை நம்பிக் கடைசி நெடுவரிசையாக வைப்பவர்களும் கவனிக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத ஒப்பீட்டு முறையில் `Ravi`, `ravi` இரண்டும் சமமே.

வேகம் குறையுமே என்ற கவலை நியாயமானது. போஸ்ட்கிரெஸில் `priority` மீது மட்டும் இண்டெக்ஸ் இருந்து `priority, id` என்று கேட்டால் அந்த இண்டெக்ஸ் முழுதாக உதவாது. இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போடுவதுதான் நேரான வழி. போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து ஓர் ஆறுதல் உண்டு, இண்டெக்ஸ் தரும் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு சமமான கூட்டத்தை மட்டும் `id` கொண்டு வரிசைப்படுத்தும். திட்டத்தில் `Incremental Sort` என்று தெரியும். கூட்டங்கள் சிறியவையாக இருந்தால் இதுவே போதும். ஐம்பது லட்சம் பதிவுகளில் நாற்பது லட்சம் ஒரே மதிப்பு என்றால் போதாது.

திசையும் முக்கியம். புதியது முதலில் வேண்டும் என்று `created_at DESC` எழுதினால், `id`-க்கும் `DESC` எழுதுவது நல்லது. `created_at, id` என்ற இண்டெக்ஸை அப்படியே பின்னாலிருந்து படித்துவிடலாம். ஒன்று இறங்கு வரிசை, மற்றது ஏறு வரிசை என்று கலந்தால் விடை சரியாகவே இருக்கும், ஆனால் அந்த இண்டெக்ஸ் அந்த வரிசையைத் தராது.

கர்சருக்கு மாறினால் தப்பிவிடலாமா?

ஆழமான பக்கங்களில் `OFFSET` மெதுவாகும் என்பதாலும், தரவு நகரும் சிக்கலாலும், பலர் கர்சர் முறைக்குப் போகிறார்கள். "இத்தனையைத் தாண்டு" என்று சொல்வதற்குப் பதிலாக "கடைசியாகப் பார்த்ததற்கு அடுத்ததிலிருந்து கொடு" என்று கேட்பது. நல்ல முறைதான். ஆனால் சம மதிப்புச் சிக்கலைத் தீர்க்காமல் இதற்கு மாறினால் நிலைமை மோசமாகும்.

```sql
SELECT id, created_at FROM tasks
WHERE created_at < :last
ORDER BY created_at DESC LIMIT 20;
```

ஒரே நேரம் கொண்ட ஏழு பதிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று முதல் பக்கத்தின் கடைசியில் வந்துவிட்டன. அடுத்த பக்கம் அந்த நேரத்தைவிடச் சிறியவற்றையே கேட்கிறது. மீதி நான்கும் போனது போனதுதான், ஒவ்வொரு முறையும், தவறாமல். சரி, `<=` போடலாம் என்றால் ஏற்கெனவே பார்த்த மூன்றும் திரும்ப வரும். சம மதிப்புள்ளவை இருபதுக்கு மேல் இருந்தால் அந்த ஒரே நேரத்தை விட்டுத் தாண்டவே முடியாமல், "அடுத்த பக்கம்" என்று கேட்கக் கேட்க அதே இருபது வந்துகொண்டிருக்கும். `OFFSET` முறையில் எப்போதாவது ஒன்றிரண்டு விடுபட்டது, இங்கே கூட்டமாக விடுபடுகிறது. ஒரு வகையில் இது மேல் என்பேன், சீக்கிரம் கண்ணில் படும்.

சரியான வடிவத்தில் கர்சருக்குள்ளும் `id` இருக்க வேண்டும்.

```sql
WHERE (created_at, id) < (:last_created, :last_id)
ORDER BY created_at DESC, id DESC LIMIT 20;
```

அடைப்புக்குறிக்குள் இரண்டையும் சேர்த்து ஒப்பிடுவது அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல: முதலில் நேரம், அது சமமானால் `id`. இரண்டும் ஒரே திசையில் இருந்தால்தான் இப்படி எழுத முடியும். முன்பு சொன்ன திசைப் பொருத்தம் அங்கே வேகத்துக்காக, இங்கே விடை சரியாக வருவதற்காகவே.

இவ்வளவும் செய்த பிறகும் விடுபடுகிறது என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, கர்சரில் உள்ள நேரம் வழியில் எங்காவது ஜாவாஸ்கிரிப்டின் `Date` ஆக மாறுகிறதா என்பதைத்தான். போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோ நொடி வரை, அதாவது புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வைத்திருக்கும். `Date` வைத்திருப்பது மில்லி நொடி, மூன்று இலக்கம். பக்கத்தின் கடைசிப் பதிவின் நேரம் `10:00:00.123456` என்றால் கர்சரில் போய் உட்காருவது `10:00:00.123`. அடுத்த பக்கம் அதைவிடச் சிறியவற்றைக் கேட்கும். `.123000`-க்கும் `.123456`-க்கும் இடையில் இன்னும் காட்டப்படாத பதிவுகள் இருந்தால் அவை காணாமல் போகும். ஏறு வரிசை என்றால் எதிர்மாறாக, கடைசிப் பதிவே `.123`-ஐவிடப் பெரியதாகத் தெரிந்து மறுபடி வரும். குவெரியை எத்தனை முறை படித்தாலும் இந்தத் தவறு தெரியாது, ஏனென்றால் குவெரியில் தவறே இல்லை. நேரத்தை `Date` ஆக்காமல் டேட்டாபேஸ் தந்த எழுத்து வடிவத்திலேயே கர்சருக்குள் வைத்தால் தீர்ந்தது.

மதிப்பே இல்லாத பதிவுகளும் இங்கே மாட்டிக்கொள்ளும். கடைசித் தேதி குறிக்காத வேலைகள் எல்லாவற்றிலும் `NULL` இருக்கும். வரிசைப்படுத்தும்போது அவை ஒன்றுக்கொன்று சமமாகக் கருதப்பட்டு ஒரு கூட்டமாக ஒரு முனையில் போய் நிற்கும். `OFFSET` முறையில் `id` சேர்த்துவிட்டால் அந்தக் கூட்டமும் ஒழுங்காக வரும். கர்சர் முறையில் அப்படி இல்லை. `NULL`-ஐ எதோடு ஒப்பிட்டாலும் "ஆம்" என்ற விடை வராது, அதனால் அந்தக் கூட்டம் முழுவதும் வடிகட்டப்பட்டு, முதல் பக்கத்துக்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாது. அந்த நெடுவரிசையை வைத்து கர்சர் எழுதுவதானால் `NULL` கூட்டத்துக்கென்று தனியாக ஒரு நிபந்தனை எழுதியே ஆக வேண்டும்.

நாமே எழுதிய குவெரியில் `id` சேர்ப்பது எளிது. பயனர் எந்தத் தலைப்பைச் சொடுக்குகிறாரோ அந்த நெடுவரிசையால் வரிசைப்படுத்தும் திரைகளில்தான் இது எளிதாக விட்டுப்போகும். தொடக்கத்தில் போட்டிருந்த ஒழுங்கான வரிசையைப் பயனரின் தேர்வு முழுதாக மாற்றிவிடும், அதோடு `id`-யும் போய்விடும். டிஜாங்கோவின் நிர்வாகத் திரை இதை அறிந்து எழுதப்பட்டது, எந்தத் தலைப்பைச் சொடுக்கினாலும், அந்த வரிசை தனித்துவமாக இல்லையென்றால் முதன்மைச் சாவியைத் தானே கடைசியில் சேர்த்துக்கொள்ளும். அதே டிஜாங்கோவின் பொதுவான `Paginator` அப்படிச் செய்யாது. வரிசையே இல்லை என்றால் `UnorderedObjectListWarning` என்று எச்சரிக்கும், `priority` என்று ஒன்று இருந்துவிட்டால் திருப்தியாகிவிடும், அது தனித்துவமானதா என்று பார்க்காது. ஆகவே வரிசையைத் தீர்மானிக்கும் அந்த ஒரே செயற்கூறின் முடிவில், பயனர் என்ன தேர்ந்தெடுத்திருந்தாலும், `id`-ஐ ஒட்டிவிடுவது நல்லது. அதற்கான சோதனையில் ஐம்பது பதிவுகளுக்கும் எல்லா நெடுவரிசையிலும் ஒரே மதிப்பைக் கொடுத்து, பத்துப் பத்தாகப் புரட்டி, வந்த எண்கள் ஐம்பதும் வெவ்வேறானவையா என்று பார்க்க வேண்டும். பதிவுகளை வெறும் பதினைந்தாக வைத்துவிட்டால் முதல் பக்கத்துக்கே முழு வரிசைப்படுத்தல் நடந்துவிடும், ஹீப்பின் பக்கமே போகாமல் அந்தச் சோதனை வெற்றி என்று சொல்லிவிடும்.